விடியற்காலை ஐந்து மணிக்கு உங்கள் வார்டில் யார் எழுந்து நடக்கிறார்கள்?

வாசகர் கடிதம்

மதிப்பிற்குரிய மேடம், நான் சென்னையில் ஒரு தனியார் கல்லூரியில் பி.எஸ்சி. நர்சிங் இறுதியாண்டு படிக்கிறேன். நாங்கள் ஐந்து மாணவிகள் சேர்ந்து, 32 கட்டில் கொண்ட ஆண்கள் பொது மருத்துவ வார்டில் நோயாளிகள் கீழே விழுவதைக் குறைக்கும் தர மேம்பாட்டுத் திட்டத்தை இறுதித் திட்டப்பணியாக எடுத்திருக்கிறோம். கையில் எட்டு வாரம்தான் இருக்கிறது. எல்லா நோயாளிகளுக்கும், விழும் ஆபத்தை மதிப்பெண்ணாக அளக்கும் மோர்ஸ் அளவுகோல் போட்டு, ஆபத்து அதிகமானவர்களுக்கு மஞ்சள் பட்டை கட்டி, கட்டிலின் பக்கக் கம்பிகளை எப்போதும் ஏற்றி வைத்து, செவிலியர்களுக்கு ஒரு வகுப்பும் முன் தேர்வு, பின் தேர்வும் நடத்தி, விழுவதைப் பாதியாகக் குறைப்பது எங்கள் நோக்கம். ஆனால் ரெஜிஸ்டரில் போன வருடம் முழுவதும் மூன்று பேர்தான் விழுந்ததாக இருக்கிறது. "நம் வார்டில் யாரும் விழுவதே இல்லை" என்கிறார் இன்சார்ஜ் சிஸ்டர். வழிகாட்டி மேடமோ, முடிவு வெறும் தற்செயல் அல்ல என்று காட்டும் பி மதிப்பு வராமல் திட்டப்பணி ஏற்கப்படாது என்கிறார். நாங்கள் தலைப்பை மாற்ற வேண்டுமா? நெறிமுறைக் குழு அனுமதி தேவையா? நாங்கள் வார்டில் இருக்கும்போது யாராவது விழுந்துவிட்டால் பழி எங்கள் மேல் வருமா?
— இறுதியாண்டு மாணவி, சென்னை

ஆலோசனை

அன்புள்ள மாணவிக்கு,

தலைப்பை மாற்ற வேண்டாம். ஆனால் நோக்கத்தை மாற்றியே ஆக வேண்டும். ஏன் என்பதற்கு ஒரு சிறிய கணக்கைப் போட்டுப் பார்ப்போம். உங்கள் 32 கட்டிலில் ஒரு நாளைக்குச் சராசரியாக 28 நிரம்பியிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு வாரம் என்பது 56 நாள். 28-ஐ 56-ஆல் பெருக்கினால் 1,568 நோயாளி நாட்கள் கிடைக்கின்றன. விழும் விகிதத்தை ஆயிரம் நோயாளி நாட்களுக்கு இத்தனை என்றுதான் மருத்துவமனைகளில் பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். கணக்குக்காக அது 3 என்று கொண்டால், எட்டு வாரத்தில் உங்கள் வார்டில் ஐந்து பேருக்கும் சற்றுக் குறைவாகவே விழ வாய்ப்பிருக்கிறது. நீங்கள் அதைப் பாதியாக்கிவிட்டதாகவும், இரண்டு பேர் மட்டுமே விழுந்ததாகவும் வைத்துக்கொண்டாலும், அது உங்கள் முயற்சியால்தான் என்று சொல்ல முடியாது. எந்த மாற்றமும் செய்யாத ஒரு வார்டில்கூட, தற்செயலாகவே, ஏறக்குறைய ஏழு முறைக்கு ஒரு முறை இரண்டோ அதற்குக் குறைவாகவோ வந்துவிடும். ஆகவே, விழுந்தவர்களை மட்டும் எண்ணும் திட்டத்துக்கு ஒரு வார்டும் எட்டு வாரமும் போதவே போதாது. பி மதிப்பு வராது என்ற உங்கள் பயம் சரிதான். அதற்குக் காரணம் உங்கள் உழைப்பில் உள்ள குறை அல்ல, எண்ணிக்கை சிறியதாக இருப்பதுதான்.

அதே கணக்கை ரெஜிஸ்டருக்கும் போடுங்கள். 28-ஐ 365-ஆல் பெருக்கினால் 10,220 நோயாளி நாட்கள். அதில் மூன்று பேர் என்றால் ஆயிரத்துக்கு 0.3. விழுதலைத் தடுக்கும் வழிகளைச் சோதிக்க ஆஸ்திரேலியாவில் 24 மருத்துவ, அறுவைச் சிகிச்சை வார்டுகளில் நடந்து 2016-இல் வெளியான 'சிக்ஸ் பேக்' ஆய்வில் இந்த விகிதம் ஆயிரத்துக்கு ஏழு அளவில் இருந்தது. அங்கே முதியவர்கள் அதிகம், சின்ன நிகழ்வையும் எழுதி வைக்கும் பழக்கமும் அதிகம். ஆகையால் நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது. ஆனாலும் இருபது மடங்குக்கு மேற்பட்ட இடைவெளிக்கு நோயாளிகளின் வயது மட்டும் காரணமாக இருக்க முடியாது. உங்கள் சிஸ்டர் பொய் சொல்வதாக நான் சொல்லவில்லை. கழிப்பறை வாசலில் வழுக்கி உட்கார்ந்தவரை அட்டெண்டராக வந்த மகனே தூக்கிக் கட்டிலில் படுக்க வைத்துவிடுகிறார், எலும்பு முறியவில்லை, சிஸ்டருக்கு யாரும் சொல்வதில்லை, சொன்னாலும் அதை 'விழுந்தார்' என்று எழுதினால் விளக்கம் கேட்டு மெமோ வரும் என்ற பயம். அடிபட்டவை மட்டும் ரெஜிஸ்டரில் ஏறுகின்றன.

இதிலிருந்து ஒரு விபரீதம் பிறக்கும், முன்கூட்டியே எதிர்பாருங்கள். நீங்கள் வார்டுக்குள் போய் விழுதலைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் இதுவரை எழுதப்படாதவை எழுதப்படும். 'முன்', 'பின்' என்று ஒப்பிட்டால் உங்கள் திட்டத்துக்குப் பிறகு அதிகம் பேர் விழுந்ததாகவே காகிதம் சொல்லும். எனவே முதல் நாளிலேயே எது விழுதல் என்பதை எழுதி ஒட்டிவிடுங்கள்: ஒருவர் தன் நோக்கமின்றித் தரையிலோ தாழ்ந்த பரப்பிலோ வந்து சேர்ந்தால், அடிபட்டாலும் படாவிட்டாலும், பிறர் தாங்கிப் பிடித்து மெல்ல இறக்கிவிட்டாலும், அது விழுதலே. இந்த வரையறை இல்லாமல் நீங்கள் திரட்டும் எந்த எண்ணுக்கும் பொருள் இராது.

நீங்கள் எடுத்து வைத்திருக்கும் கருவிகள்

மோர்ஸ் அளவுகோலை உங்கள் வார்டில் ஒருவருக்குப் போட்டுப் பாருங்கள். சர்க்கரையும் இதய நோயும் உள்ள ஒருவருக்கு, இரண்டாவது நோய் இருப்பதால் 15, கையில் ஐ.வி. கேனுலா இருப்பதால் 20. காய்ச்சலில் சோர்ந்து நடப்பதால் 10. மொத்தம் 45 ஆகிவிட்டது, பல மருத்துவமனைகள் 'அதிக ஆபத்து' என்று கோடு போடும் இடம் அதுவேதான். பொது மருத்துவ வார்டில் இந்த மூன்றும் இல்லாதவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? இரண்டாம் நாளே வார்டில் பெரும்பாலோர் கையில் மஞ்சள் பட்டை இருக்கும். எல்லோர் கையிலும் இருக்கும் பட்டையை இரவு டியூட்டி சிஸ்டரின் கண் பார்ப்பதை நிறுத்திவிடும். இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பு 2013-ஆம் ஆண்டு வழிகாட்டியிலேயே, யார் விழுவார் என்று மதிப்பெண் போட்டுக் கணிக்கும் அளவுகோல்களை உள்நோயாளிகளுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டது. உங்கள் மருத்துவமனை தர அங்கீகாரத்துக்காக அந்தப் படிவத்தை நிரப்பச் சொன்னால் நிரப்புங்கள். அதோடு நிற்கட்டும், அதை உங்கள் திட்டத்தின் முதுகெலும்பாக ஆக்காதீர்கள்.

பக்கக் கம்பி விஷயத்தில் எச்சரிக்கை தேவை. குழப்பத்தில் இருக்கும் முதியவர் சிறுநீர் கழிக்க எழும்போது கம்பி அவரைத் தடுத்து நிறுத்துவதில்லை. அவர் அதன்மேல் ஏறி, கட்டிலின் உயரத்தோடு கம்பியின் உயரமும் சேர்ந்த தூரத்திலிருந்து விழுகிறார். 'எப்போதும் ஏற்றி வை' என்ற விதி, லேசான அடியைத் தலைக்காயமாக மாற்றக்கூடும். வகுப்பையும் தேர்வையும் பற்றி ஒரே வரி: அறிவு மதிப்பெண் 12-இலிருந்து 18 ஆனதற்கு அழகான பி மதிப்பு வரும், ஆனால் அது எந்த நோயாளியும் விழாமல் இருந்ததற்குச் சான்றாகாது.

நான் மேலே சொன்ன 'சிக்ஸ் பேக்' ஆய்வில் எச்சரிக்கைப் பலகை, கழிப்பறையில் உடனிருத்தல், ஊன்றுகோலைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தல், நேரம் வைத்துக் கழிப்பறைக்கு அழைத்துச் செல்லுதல், தாழ்வான கட்டில், அலாரம் என்று ஆறு வழிகள் ஒரு தொகுப்பாகக் கொடுக்கப்பட்டன. இவ்வளவு பெரிய முயற்சிக்குப் பிறகும் விழுந்தவர்களின் எண்ணிக்கையும் காயங்களும் குறையவில்லை. இவற்றில் எதுவும் பயனற்றது என்று இதற்குப் பொருள் கொள்ளத் தேவையில்லை. ஆனால் வேறோர் இடத்தில் கட்டிய மூட்டையை அப்படியே கொண்டுவந்து நம் வார்டில் இறக்கினால் பலன் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையை அது நன்றாகவே அசைத்துவிட்டது. உங்கள் வார்டில் யார், எப்போது, எங்கே போகும் வழியில் விழுகிறார்கள் என்பதைப் பார்த்துவிட்டுத்தான் வழியைத் தேட வேண்டும்.

முதலில் போய் உட்காருங்கள்

என் பொறுப்பில் இருந்த ஒரு வார்டில், பல ஆண்டுகளுக்கு முன், விடியற்காலையில் ஒரு பெரியவர் கழிப்பறைக்குப் போகும் வழியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. காரணம் என்ற கட்டத்தில் 'நோயாளியின் கவனக்குறைவு' என்று எழுதியிருந்தார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன். சில மாதம் கழித்து வேறொரு வேலையாக அதே நேரத்தில் அங்கே நின்றபோதுதான் கண்ணில் பட்டது: காலை ரவுண்டுக்கு முன் வார்டு பளிச்சென்று இருக்க வேண்டும் என்பதற்காக ஐந்தேகால் மணிக்குத் தரை முழுவதும் சோப்புத் தண்ணீரால் துடைக்கப்பட்டது. வார்டில் பாதிப் பேர் சிறுநீர் கழிக்க எழுந்ததும் அதே ஐந்தேகால் மணிக்குத்தான். அந்த ரெஜிஸ்டரில் நான் போட்ட கையெழுத்து இன்றும் எனக்கு உறுத்தல்தான்.

ஆகவே உங்கள் திட்டத்தின் எல்லையை இப்படி ஒடுக்கிக்கொள்ளச் சொல்வேன்: விடியற்காலை 4.30 முதல் 6.30 வரை, கட்டிலிலிருந்து கழிப்பறை வரை. அந்த இரண்டு மணி நேரத்தில் என்னென்ன கூடுகின்றன என்று பாருங்கள். முந்தைய நாள் இரவு எட்டு மணிக்கு ஃபுரோசமைடு, அதாவது வார்டில் எல்லோரும் லேசிக்ஸ் என்று சொல்லும் நீர் மாத்திரை, கொடுக்கப்பட்டவர் இரவு முழுவதும் எழுந்து எழுந்து தூக்கம் கெட்டு நிற்கிறார். படுத்தே கிடந்தவர் சட்டென்று எழும்போது இரத்த அழுத்தம் இறங்குகிறது. லுங்கி காலில் சிக்குகிறது. ரப்பர் செருப்பு ஈரத்தில் வழுக்குகிறது. பாதி விளக்குகள் அணைந்திருக்கின்றன. கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்திருந்த அட்டெண்டர் அப்போதுதான் டீ வாங்க வெளியே போயிருக்கிறார். கழிப்பறையில் குந்தி உட்கார்ந்து எழ வேண்டியிருந்தால், பிடித்துக்கொள்ளச் சுவரில் கம்பி இருக்கிறதா? இரவு சிஸ்டரோ அந்நேரம் வெறும் வயிற்று இரத்த மாதிரி எடுத்துக்கொண்டிருக்கிறார்.

எதை எண்ணுவது

விழுதல் அரிது, ஆனால் விழக்கூடியவர் துணையின்றி எழுந்து நடப்பது தினமும் நடக்கிறது. அதை எண்ணுங்கள். இரவு பத்து மணிக்கு டியூட்டி சிஸ்டரோடு சேர்ந்து ஒரு துணைப் பட்டியல் தயாரியுங்கள். கையை ஊன்றாமலோ பிறரைப் பிடிக்காமலோ கட்டிலிலிருந்து எழ முடியாதவர். எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் இரத்த அழுத்தத்தின் மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்குபவர். மனக் குழப்பத்தில் இருப்பவர். அன்று இரவு நீர் மாத்திரையோ தூக்க மருந்தோ பெற்றவர். இந்த நான்கில் ஒன்று இருந்தாலே பட்டியலில் சேருங்கள். இது மோர்ஸ் மதிப்பெண் அல்ல; 'இவரைத் தனியாக நடக்க விடாதே' என்ற, ஒரு இரவுக்கு மட்டுமான குறிப்பு.

பிறகு 4.30 முதல் 6.30 வரை உங்களில் ஒருவர் கழிப்பறைக்குச் செல்லும் வழி தெரியுமிடத்தில் இருந்து குறித்துக்கொள்ள வேண்டும். உதாரணமாக, பட்டியலில் ஒன்பது பேர். அவர்களில் ஏழு பேருக்குச் சிறுநீர் கழிக்கத் தேவை வந்தது. அவர்களில் மூவர் துணையோடு போனார்கள் அல்லது கட்டிலிலேயே யூரினல் பயன்படுத்தினார்கள். நால்வர் தனியாக எழுந்து நடந்தார்கள். ஏழில் மூன்று, அதாவது 43 விழுக்காடு. அன்றைய காலைக்கு உங்கள் வரைபடத்தில் அது ஒரு புள்ளி.

ஐந்து பேர் முறை வைத்துக்கொண்டு வாரத்துக்கு மூன்று காலை பார்த்தால், எட்டு வாரத்தில் 24 புள்ளிகள். முதல் மூன்று வாரம், ஒன்பது புள்ளிகள், எதையும் மாற்றாமல் இருக்கும் நிலையைப் பதிவு செய்யுங்கள்; அவற்றை ஏறுவரிசையில் அடுக்கி நடுவில் வரும் எண்ணை, அதாவது இடைநிலையைக் கோடாக இழுங்கள். அடுத்த ஐந்து வாரப் புள்ளிகளை அதே தாளில் தொடருங்கள். கோட்டுக்கு மேலே தொடர்ச்சியாக ஆறு புள்ளிகளோ அதற்கு மேலோ நின்றால், அதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது, ஏதோ மாறியிருக்கிறது. சரியாகக் கோட்டிலேயே விழும் புள்ளியைக் கணக்கில் சேர்க்காமல் தாண்டிச் செல்ல வேண்டும். தர மேம்பாட்டில் ஓட்ட வரைபடம் என்று வழங்கும் இதற்குக் கணினிகூட வேண்டாம், வரைபடத் தாளும் பென்சிலும் போதும்.

மூன்று இடங்களில் இந்த எண் உங்களை ஏமாற்றும். முதலாவது, நீங்கள் அங்கே உட்கார்ந்திருப்பதாலேயே எல்லோரும் திருத்தமாக நடந்துகொள்வார்கள். அதனால் அந்த 24 காலைகளுக்கு முன்பே இரண்டு காலைகள் பழகுவதற்காக மட்டும் உட்கார்ந்துவிட்டு, அதற்குப் பின் பதிவைத் தொடங்குங்கள். இரண்டாவது, தள்ளாடுபவரைப் பார்த்தபின் நீங்கள் ஓடிப்போய்ப் பிடிப்பீர்கள், பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் துணையின்றி எழுந்து நின்ற கணத்திலேயே அவர் 'தனியாக' என்ற கட்டத்தில் சேர்ந்துவிட்டார், உங்கள் கையைத் துணையாகக் கணக்கிடாதீர்கள். மூன்றாவதை நான் நோயாளிகளின் வாயால்தான் தெரிந்துகொண்டேன்: பிறரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பதற்காக மாலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். உங்கள் விழுக்காடு உயரும், அவர்கள் நா வறண்டு கிடப்பார்கள். ஆகவே பட்டியலில் உள்ளவர்களிடம் வாரம் ஒருமுறை "ராத்திரி தண்ணி குடிச்சீங்களா?" என்று கேட்டுக் குறித்து வையுங்கள், இரவு சிஸ்டருக்குக் கூடுதலாக எத்தனை நிமிடம் செலவாகிறது என்பதையும் சேர்த்துக் குறியுங்கள்.

விழுதல்களையும் எழுதாமல் விடக் கூடாது. விகிதமாகப் போடாமல், கடைசியாக ஒருவர் விழுந்த நாளிலிருந்து எத்தனை நாள் ஆயிற்று என்று மட்டும் குறித்து வந்தால், எண்ணிக்கை சிறியதாக இருக்கும் வார்டுக்கு அது பொருந்தும்.

ஒரு கட்டில் வரிசையில், ஒரு காலையில்

மாற்றத்தை 32 கட்டிலுக்கும் ஒரே நாளில் கொண்டுவராதீர்கள். திட்டமிடு, செய்து பார், ஆராய், பிறகு நிலைப்படுத்து என்ற சுற்றை உங்கள் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். ஆனால் மாணவர் அறிக்கைகளில் பெரும்பாலும் எட்டு வாரமும் சேர்ந்து ஒரே ஒரு சுற்றாக வரையப்பட்டிருக்கும். ஒரு சுற்று என்பது ஒரு சிஸ்டர், எட்டுக் கட்டில், ஒரே ஒரு காலை என்ற அளவில் தொடங்க வேண்டும்.

முதல் சுற்று இப்படிப் போகலாம்: 4.30 மணிக்கு இரவு சிஸ்டர் பட்டியலில் உள்ளவர்களிடம் போய், கழிப்பறைக்குப் போக வேண்டுமா என்று தாமே கேட்கிறார். முதல் நாளே இது நடக்காமல் போகும், ஏனென்றால் இரத்த மாதிரி எடுக்கும் நேரமும் அதுவே. இதைத் தோல்வி என்று எழுதாமல், கண்டுபிடிப்பு என்று எழுதுங்கள். இரண்டாவது சுற்றில், மாதிரி எடுக்கப் போகும் அதே நடையிலேயே அந்தக் கேள்வியைச் சேர்த்துவிடுங்கள்: ஊசி குத்தி முடித்துப் பஞ்சை அழுத்தச் சொல்லும்போது, "ஒண்ணுக்குப் போகணுமா ஐயா? யூரினல் தரவா?" என்று கேட்க முடிகிறதா? தனி வேலையாகத் தரப்பட்டது ஒரு வாரத்தில் உதிர்ந்துவிடும். இருக்கிற வேலையோடு ஒட்டியது நிலைக்கும். மாதிரி எடுக்கப்படாதவர்களை யார் கேட்பது என்ற ஓட்டை மூன்றாவது சுற்றில் தெரியவரும். அதற்கு அட்டெண்டரிடம் போக வேண்டும்.

அட்டெண்டரிடம் பேசுவதை இரவு ஒன்பது மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். "தனியாக விடாதீர்கள்" என்று சொல்லிவிட்டு வந்தால் தலையாட்டுவார், அவ்வளவுதான். "விடியற்காலையில் அப்பா எழுந்தால் என்ன செய்வீர்கள்? நீங்கள் டீ வாங்கப் போகும்போது யாரிடம் சொல்லிவிட்டுப் போவீர்கள்?" என்று கேட்டு, அவர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். பக்கத்துக் கட்டில் அட்டெண்டரிடம் சொல்லிவிட்டுப் போகும் வழக்கம் நம் வார்டுகளில் ஏற்கெனவே உண்டு. அதை நீங்கள் புதிதாக உருவாக்க வேண்டியதில்லை, வெளிப்படையாகக் கேட்டு உறுதி செய்தால் போதும்.

தரை துடைக்கும் நேரத்தை மாற்றுவது இதைவிட எளிதாகத் தோன்றும், ஆனால் அப்படியிராது. துப்புரவுப் பணியாளர்கள் பெரும்பாலும் ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள். அவர்களின் ஷிஃப்ட் முடியும் நேரத்தை மாற்ற உங்களுக்கோ இன்சார்ஜ் சிஸ்டருக்கோ அதிகாரம் இல்லை. நேரத்தை மாற்றச் சொல்வதற்குப் பதிலாக, நடைபாதையின் ஒரு பாதியைத் துடைத்து, அது உலர்ந்தபின் மறுபாதியைத் துடைக்கச் சொல்லி, துடைக்கும் அம்மாவிடமே அது சரிவருமா என்று கேட்டுப் பாருங்கள். எந்த நோயாளி தினமும் எந்நேரம் எழுவார் என்பது அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். நீர் மாத்திரையின் விஷயம் மருத்துவருடையது. வாய்வழி ஃபுரோசமைடின் வேகம் ஏறக்குறைய ஆறு மணி நேரம் நிற்கும் என்பதால், இரண்டாவது வேளையை எட்டு மணியிலிருந்து பிற்பகலுக்கு மாற்றலாமா என்று இன்சார்ஜ் சிஸ்டர் வழியாக மருத்துவரிடம் கேட்கலாம். மாணவியாக நீங்கள் நேரத்தை மாற்றிக் கொடுத்துவிடக் கூடாது. இவை நான்கில் இரண்டை எடுத்தாலே ஐந்து வாரம் நிறைந்துவிடும். கேள்வி கேட்பதையும் அட்டெண்டரோடு பேசுவதையும் நான் தேர்ந்தெடுப்பேன், ஏனெனில் அவை இரண்டும் உங்கள் கைக்குள் இருப்பவை.

அனுமதியும் பழியும்

'இது தர மேம்பாடுதான், ஆய்வு அல்ல. எனவே நெறிமுறைக் குழு தேவையில்லை' என்று சிலர் உங்களுக்குச் சொல்வார்கள். அந்த முடிவை எடுப்பது நீங்களோ உங்கள் வழிகாட்டியோ அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். 2017-இல் வெளியிட்ட தேசிய நெறிமுறை வழிகாட்டி, விலக்கு, விரைவுப் பரிசீலனை, முழுப் பரிசீலனை என்று மூன்று வகைகளைச் சொல்கிறது. எந்த வகையில் சேரும் என்று சொல்ல வேண்டியது குழுவே. நோயாளியின் பெயரும் உள்நோயாளி எண்ணும் குறிக்கப்படாது, யாருக்கும் வழக்கமான கவனிப்பு மறுக்கப்படாது, புகைப்படம் எடுக்கப்படாது என்பதை எழுதி, விலக்கோ விரைவுப் பரிசீலனையோ கோருங்கள். வார்டில் பாதிப் பேரை 'ஒப்பிடும் குழு' என்று ஒதுக்கிவிட்டு அவர்கள் தனியாக நடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும் யோசனை யாருக்காவது வந்தால், அதற்கு இணங்காதீர்கள். செவிலியர் கண்காணிப்பாளரின் எழுத்துப்பூர்வ அனுமதியும் தனியாக வேண்டும்.

பழியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒருவர் விழும்போது நீங்கள் அங்கே இருந்தால், அந்தக் கணத்தில் நீங்கள் பதிவாளர் அல்ல, செவிலிய மாணவி. அவசரப்பட்டு அவரைத் தூக்காதீர்கள், சிஸ்டரைக் கூப்பிடுங்கள். நினைவு இருக்கிறதா, தலை மோதியதா, கழுத்து வலிக்கிறதா, ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறதா என்று பார்த்தபின்தான் அசைக்க வேண்டும். நாடி, இரத்த அழுத்தம், சர்க்கரை பார்க்க வேண்டும். இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து பெறுபவர் என்றால், வெளியே காயம் தெரியாவிட்டாலும் மருத்துவரிடம் அதைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். நடந்ததை நடந்தபடி நிகழ்வுப் படிவத்தில் எழுதச் செய்யுங்கள். எழுத வேண்டாம் என்று யாராவது சொன்னால் வார்டில் வாதாடாமல் அன்றே வழிகாட்டியிடம் தெரிவியுங்கள். மேற்பார்வையில் இருந்து, செய்ய வேண்டியதைச் செய்து, உண்மையை எழுதிய மாணவியின் நிலை பாதுகாப்பானது. மறைக்கத் துணைபோனவரின் நிலைதான் பின்னால் சிக்கலாகும்.

இன்சார்ஜ் சிஸ்டரிடம் ரெஜிஸ்டரின் 0.3 கணக்கைக் காட்டி அவரை மடக்க நினைக்காதீர்கள். அதற்குப் பதிலாக, "விழப் பார்த்துத் தப்பித்தவர்கள் யாராவது உண்டா சிஸ்டர்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியில் யாருடைய குற்றமும் இல்லை என்பதால் கதைகள் வரும்.

பி மதிப்பு பற்றி வழிகாட்டியிடம்

முதல் பத்தியில் உள்ள கணக்கை ஒரு பக்கமாக எழுதி அவரிடம் கொடுங்கள். விழுதலுக்குப் பி மதிப்பு ஏன் வராது என்பதை உங்களுக்கு முன்பே தெரிந்து, அதற்கேற்ப அளவீட்டைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதை அவர் பார்க்கட்டும். அவர் வற்புறுத்தினால், துணையோடு சென்றவர்களின் விழுக்காட்டை முதல் மூன்று வாரத்துக்கும் கடைசி மூன்று வாரத்துக்கும் ஒப்பிட்டு ஒரு கை-வர்க்கச் சோதனை போட்டுத் தரலாம். ஒரே நோயாளி பல காலைகளில் திரும்பத் திரும்ப வருவதால், ஒவ்வொரு பதிவும் மற்றதைச் சாராதது என்ற அந்தச் சோதனையின் அடிப்படை அனுமானம் முழுமையாகப் பொருந்தாது என்ற குறிப்போடு கொடுங்கள். அறிக்கையை, தர மேம்பாட்டு அறிக்கைகளை எழுதுவதற்கென 2015-இல் திருத்தி வெளியிடப்பட்ட 'ஸ்கொயர்' வழிகாட்டியின் போக்கில் எழுதலாம்: ஏன் தொடங்கினோம், என்ன செய்தோம், என்ன கண்டோம், அதற்கு என்ன பொருள். நடக்காமல் போன அந்த முதல் 4.30 மணிச் சுற்றுக்கும் அதில் இடம் உண்டு.

நோக்க வாக்கியத்தை இப்படி மாற்றி எழுதிப் பாருங்கள்: 'ஆண்கள் பொது மருத்துவ வார்டில், இரவு துணைப் பட்டியலில் உள்ள நோயாளிகள் விடியற்காலை 4.30 முதல் 6.30 வரை சிறுநீர் கழிக்க எழும்போது, பத்தில் எட்டு பேராவது துணையோடு செல்வதை அல்லது யூரினல் பெறுவதை எட்டாவது வார முடிவுக்குள் எட்டுதல்.' எட்டு என்ற எண்ணை இப்போது பென்சிலால் எழுதுங்கள். உங்கள் முதல் ஒன்பது புள்ளிகளைப் பார்த்தபின் அதை ஏற்றவோ இறக்கவோ வேண்டியிருக்கும்.

இனி இருப்பது ஒரு நடைமுறைத் தடை. விடுதியில் இருப்பவர்கள் என்றால் விடியற்காலை நாலு மணிக்கு வார்டன் வாயிற்கதவைத் திறக்க மாட்டார். அந்த நேரத்தில் மருத்துவமனை வளாகத்தில் தனியாக நடப்பதும் உங்களுக்கு நல்லதல்ல. எனவே இந்தக் கவனிப்பை நைட் டியூட்டியில் இருப்பவரின் பணியாகவே போடச் சொல்லி, பெயரும் தேதியும் குறித்த முறைப்பட்டியலில் வழிகாட்டி, கண்காணிப்பாளர், வார்டன் ஆகிய மூவரின் கையொப்பமும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முன்மொழிவை எழுதத் தொடங்குவதற்கு முன்பே இதைக் கேட்டுவிடுங்கள். அனுமதி கிடைக்காவிட்டால் நேர எல்லையை இரவு எட்டு மணி முதல் பத்து மணி வரை என்று மாற்ற வேண்டியிருக்கும். அப்போது தரை துடைப்பதையும் இரத்த மாதிரியையும் விட்டுவிட்டு, படுக்கப் போகும் முன் எழுந்து நடப்பவர்களைப் பார்க்க வேண்டியதாகும்.